தொண்டைத் தண்ணி

மாத்திரை டப்பாவைத் திறந்ததுமே மைக்கம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிய மகள், போகிற போக்கில் செய்துவிட்டுப் போன வேலை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாளே, அதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

"அம்மா, வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட தொண்டைத் தண்ணியைப் பத்திச் சொல்லு. என்னென்ன போடறே, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கறே, எல்லாம். நிறுத்துன்னு நான் சொல்லலை. சொல்லுன்னுதான் சொல்றேன். இதைப் படிச்சிட்டுக் கோவத்துல மாத்திரையை நிறுத்திடாதே."

கடைசி வரியைப் படித்ததும் மைக்கம்மாவுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஏனென்றால், அதைத்தான் செய்யலாமா என்று அந்த நிமிஷம் யோசித்துக்கொண்டிருந்தாள். பெற்றவளை இவ்வளவு துல்லியமாகப் படித்து வைத்திருக்கிற பிள்ளை யாருக்கு வேண்டும்!

"வந்துட்டா பெரிய டாக்டரம்மா," என்று காலி வீட்டைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டையும் எடுத்து வாயில் போட்டு, சூடாக இருந்த தொண்டைத் தண்ணியை ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள். வெறும் தண்ணீரில் போட்டால் அவளுக்குக் குமட்டும். மாத்திரை இறங்குவதே இதில்தான்.

மைக்கம்மா என்பது அவள் பெயர் இல்லை. பெயரைக் கேட்டால் பஸ் நிலையத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பஸ் நிலையத்தின் நடுவே, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள். வேலைக்குச் சேர்ந்தபோது 'மைக்'. வயசான பிறகு 'மைக்கம்மா'. ஓய்வு பெற்ற பிறகும் மார்க்கெட்டில் யாராவது அவள் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே," என்பார்கள். எங்கேயோவா? அவர்கள் பஸ்ஸைத் தவறவிடாமல் வீடு போய்ச் சேர்ந்ததே இந்தக் குரலால்தான். அதைச் சொல்லிக் காட்டமாட்டாள், ஆனால் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. மேஜைமேல் இருந்த அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் படித்துவிட்டாள். ஒரு நடைமேடையில் நின்ற கூட்டம் மொத்தமும் மூட்டை முடிச்சோடு இன்னொரு நடைமேடைக்கு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து அறையின் ஜன்னலை யாரோ தட்டினார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒரு டிரைவர். கத்தப் போகிறான் என்று நினைத்தாள்.

"என் பஸ்ஸுல ஒரு ஈ காக்கா இல்லீங்க," என்றான் அவன், வெகு சாவதானமாக. "நான் மட்டும் கிளம்பிப் போய்ட்டு வரட்டுமா?"

அவள் சட்டென்று மைக்கை இழுத்து, "முன்னர் செய்த அறிவிப்பில் திருத்தம்," என்று ஆரம்பித்தாள். அந்த அறையின் முதல் சட்டம் அது. தப்பாகச் சொன்னால் மறைக்கக் கூடாது, மழுப்பக் கூடாது, அடுத்த பஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்போதே மைக்கைப் பிடித்துத் 'திருத்தம்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரோ ஒருவர் தப்பான ஊரில் போய் இறங்குவார். அன்றைக்கு அவளும் சொன்னாள். ஆனால் பயத்தில் தொண்டை வறண்டு, பாதியில் குரல் கீச்சென்று உடைந்தது. பஸ் நிலையமே சிரித்தது.

அடுத்த நாள் அதே டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு பிளாஸ்கை நீட்டினான். "தொண்டைத் தண்ணி வத்தக் கத்தற வேலை உங்களுது. இதைக் கொஞ்சம் குடிங்க. அதிமதுர வேரும் சுக்கும் போட்டது. எங்க வீட்டுல தொண்டை கட்டினா இதுதான்."

அன்றைக்கு வந்த பேர்தான் தொண்டைத் தண்ணி. பிளாஸ்க் வந்தது, பிளாஸ்குக்குப் பின்னால் பேச்சு வந்தது, பேச்சுக்குப் பின்னால் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஜன்னல் வழக்கம் நிற்கவில்லை. அதிகாலையில் எழுந்து அவனே வேரைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பான். முதல் டிரிப்புக்குப் போகிற வழியில் ஜன்னலுக்கு வெளியே நின்று, பிளாஸ்கின் நீல மூடியில் ஊற்றி நீட்டுவான். புகையும் தூசியும் ஹாரன் சத்தமுமாக இருக்கிற அந்த இடத்தில், இனிப்பும் காரமுமாக ஒரு வாசனை கண்ணாடிக் கூண்டுக்குள் வரும். மைக்கை அணைத்துவிட்டு அவள் குடிப்பாள். அவன் வெளியே நின்று அவள் குடிப்பதைப் பார்ப்பான். பின்னாலிருந்து கண்டக்டர் விசில் அடிப்பான்.

அதெல்லாம் ஒரு காலம். அவர் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. காக்கிச் சட்டைகளை யாருக்கோ கொடுத்தாயிற்று. நீல மூடி போட்ட பிளாஸ்க் உள்ளே உடைந்து, பரணில் கிடக்கிறது. அவர் செத்த மறுவாரம், விடியற்காலையில் விழிப்பு வந்து, அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லாமல் வீடு விறைத்துக் கிடந்தபோது, மைக்கம்மா எழுந்து போய் முதல் தடவையாகத் தன் கையாலேயே தொண்டைத் தண்ணி போட்டாள். அந்த வாசனை எழுந்ததும் அவருடைய நடமாட்டம் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அழுதுகொண்டே குடித்தாள். அழுகை நின்றது. அப்புறம் யார் சொல்லி விடப் போகிறாள்?

காலையில் ஒன்று என்று ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு வீடு வெறிச்சோடுமே, அதற்கு ஒன்று. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரம் இருக்கிறதே, பொல்லாத நேரம், அதற்கு ஒன்று. இந்த வருஷம் உடம்பு அசதியாக இருக்கிறதென்று படுக்கப் போகும்போதும் ஒன்று சேர்ந்துகொண்டது. கடை வேரில் முன்பு போல் மணம் இல்லை என்று ஒரு கை வேர் போதாமல் இரண்டு கை போட ஆரம்பித்தாள்.

அந்த அசதிதான் ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்குக் காரணம். விடிகிற நேரத்தில் அம்மா ஆடுசதையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் பல்லைக் கடிப்பதை மகள் பார்த்துவிட்டாள். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து, அப்படியே நின்றது.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"வயசானா காலு கையி இழுக்கத்தான் செய்யும். போய்ப் பல்லை விளக்கு."

பல்லை விளக்கிவிட்டு வந்தவள் அடுப்படியில் பெரிய பாத்திரத்தைப் பார்த்தாள். அம்மா மாத்திரை போடுவதைப் பார்த்தாள். மாத்திரை அட்டையோடு வந்த, எறும்பு எழுத்து அச்சடித்த காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"அம்மா, வேற மருந்து, மூலிகை எது சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட சொல்லணும்னு போட்டிருக்கு. நீ இதைக் குடிக்கறது அவருக்குத் தெரியுமா?"

"இது என்ன மருந்தா? உங்கப்பா குடுத்தது."

"அப்பா குடுத்ததுதான். இல்லேங்கலையே. அதையே டாக்டர்கிட்டயும் சொல்லேன்."

"சொன்னா என்ன சொல்லுவான்? நிறுத்துன்னுவான். அவனுக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவான். மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்டி எனக்கு. இதையும் பிடுங்கிட்டுப் போங்க எல்லாரும்."

அதற்கு மேல் மகள் பேசவில்லை. கண் கலங்கியது மட்டும் தெரிந்தது. பேசாமல் இருக்கிறாளே, அடங்கிவிட்டாள் என்று மைக்கம்மா நினைத்தாள். எங்கே அடங்கினாள்? காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அப்பன் புத்தி. அவரும் அப்படித்தான், வாயால் ஜெயிக்க முடியாத இடத்தில் வேறு வழி கண்டுபிடிப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடப் போனாள். கை வரவில்லை. மடித்துப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள். காட்டுவதற்கு இல்லை. சும்மா. கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடம் பேசக் குரல் தெளிவாக இருக்கட்டுமென்று தொண்டைத் தண்ணி இரண்டு டம்ளர் குடித்தாள். டாக்டரிடம் போகிற நாளிலெல்லாம் அப்படித்தான் குடித்துவிட்டுப் போவாள்.

ஆஸ்பத்திரி சின்னதுதான். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, இருமுகிற கூட்டம், சுவரில் ஓடாத கடிகாரம். பேர் கூப்பிடுகிற பெண் வாய்க்குள்ளேயே முனகினாள். எவருக்கும் காதில் விழவில்லை. ஒருவர் பேருக்கு இன்னொருவர் எழுந்து போனார். 'இந்தப் பொண்ணை நம்ம கூண்டுல ஒரு நாள் உட்கார வெச்சா தெரியும்,' என்று மைக்கம்மா மனசுக்குள் கறுவினாள். முழங்காலுக்குக் கீழே வலுவே இல்லை. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றித்தான் எழுந்தாள்.

டாக்டர் நல்ல மனுஷர். சிரிக்கத் தெரிந்தவர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அளவைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அம்மா, போன தடவையை விட ஏறியிருக்கே. நூத்தி எழுபதுக்கு மேல போகுது. ரெண்டு தடவை மாத்திரையைக் கூட்டியாச்சு. நீர் பிரியற மாத்திரையும் சேர்த்தாச்சு. ஒழுங்காப் போடறீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்லை, டாக்டர்." கணீரென்று வந்தது குரல். உண்மையும் அதுதான்.

"உப்பு?"

"கண்ணுல பார்க்கறதோட சரி."

"வேற ஏதாவது மருந்து, நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் சாப்பிடறீங்களா?"

நேருக்கு நேராக வந்துவிட்டது கேள்வி. பர்ஸுக்குள் மடித்த காகிதம் சுடுகிற மாதிரி இருந்தது.

"எதுவும் இல்லை, டாக்டர்."

அதுவும் கணீரென்றுதான் வந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். அவளை நம்பினார். நம்பித்தான் யோசித்தார். "அப்ப மூணாவதா ஒரு மாத்திரை சேர்த்துத்தான் பார்க்கணும்," என்று எழுதினார். எழுதும்போது புருவம் சுருங்கியே இருந்தது. கணக்கு எங்கேயோ உதைக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்கிற முகம்.

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் வரிசை. நிற்க முடியாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி, அரைவட்ட ஓட்டை, அதற்கு வெளியே காத்திருக்கிற ஜனம். மைக்கம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தவள். தன் வாயிலிருந்து வருகிற சொல்லை நம்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஜனத்தைத் தினம் தினம் பார்த்தவள்.

டாக்டரும் அப்படித்தானே ஓடுகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. 'எதுவும் இல்லை' என்று இவள் சொன்னாள். அவர் அதை நம்பி மாத்திரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு நடைமேடைக்குப் போய்விட்டார். அந்த பஸ் எந்த ஊருக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. ஏறி உட்கார்ந்திருப்பது யார்? இவளேதான்.

ஜன்னலைத் தட்டி, "நான் மட்டும் கிளம்பிப் போய்ட்டு வரட்டுமா?" என்று ஒரு குரல் கேட்ட மாதிரி இருந்தது. சொன்னால் தொண்டைத் தண்ணி போய்விடும். காலையில் எழுந்தால் அடுப்படி மறுபடியும் செத்துக் கிடக்கும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் தப்பான அறிவிப்பு அப்படியே நிற்கும். அவ்வளவு வருஷ வேலையில் ஒரு நாளும் அப்படி நிற்க விட்டதில்லை.

எழுந்தாள். வரிசையை விட்டுவிட்டு நேரே டாக்டர் அறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே அடுத்த நோயாளி நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், முன்னர் செய்த அறிவிப்பில் திருத்தம்," என்றாள்.

அறை முழுக்க மணி அடித்த மாதிரி விழுந்தது அது. நாக்கை நீட்டியவர் உள்ளே இழுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

"என்னம்மா?"

பர்ஸைத் திறந்து மகள் எழுதிய காகிதத்தை எடுத்து நீட்டினாள். டாக்டர் படித்தார். 'தொண்டைத் தண்ணி' என்ற இடத்தில் நிமிர்ந்தார்.

"இதுல என்னென்ன போடுவீங்க?"

"சுக்கு. ஏலக்காய் ஒண்ணு. அதிமதுர வேர்."

"அதிமதுரமா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தினமுமா? எவ்வளவு?"

சொன்னாள். டம்ளர் கணக்கு, கை கணக்கு, மாத்திரையையே அதில் முழுங்குகிற கதை, கிளம்பும் முன் குடித்த இரண்டு டம்ளர், எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கு நீட்டியவரை டாக்டர் வெளியே உட்காரச் சொன்னார். போகவே மனசில்லாமல் போனார் அவர்.

"அம்மா, நான் மாசக் கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்ததுக்குப் பதில் இதுதான்னு நினைக்கறேன்," என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. "அதிமதுரம் தொடர்ந்து நிறைய உள்ள போனா, உடம்பு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும். கால் வீங்கும், பிரஷர் ஏறும். பொட்டாசியம்னு ஒரு சத்து இருக்கு, அதை வெளிய தள்ளிடும். நீங்க போடற நீர் மாத்திரையும் அதே பொட்டாசியத்தைத்தான் வெளிய தள்ளும். ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. காலு இழுக்குதா?"

"இழுக்குது."

"அசதி? எழுந்திருக்க முடியலை?"

"அதனாலதானே டாக்டர் ராத்திரிக்கும் ஒரு டம்ளர் சேர்த்தேன்!"

டாக்டர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். அவளுக்கும் சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. குடித்ததால் அசதி. அசதி என்று இன்னும் குடித்தது. ஊரையே சரியான பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவள், தான் மட்டும் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சா இதயத் துடிப்பே தாறுமாறாப் போகும். இப்பவே ரத்தம் எடுக்கணும், ஈசிஜி பார்க்கணும். அதிமதுரம் இன்னையோட நிறுத்தம்."

வந்துவிட்டது அந்த வார்த்தை. மைக்கம்மா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பது வருஷத்துக்கு மேல குடிச்சேனே, டாக்டர். அவரு குடுத்தாரு. எனக்கு ஒண்ணும் ஆகலையே. அவரு குடுத்ததுல எனக்குக் கெடுதல் வருமா?"

கோபமாகக் கேட்கத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கெஞ்சலாகிவிட்டது.

"அவர் எவ்வளவு குடுப்பார்?" என்று டாக்டர் கேட்டார். சும்மா, விவரத்துக்காகக் கேட்டார்.

மைக்கம்மா வாயைத் திறந்தாள். கண் முன்னால் ஜன்னல் வந்து நின்றது, காக்கிச் சட்டைக் கை வந்தது, கையில் நீல மூடி வந்தது. ஒரு மூடி. அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் என்று அவள் கையை நீட்டினால் பிளாஸ்கைப் பின்னால் ஒளித்துக்கொள்வார். "போதும். காப்பியா இது?" என்பார். வேரைக்கூட விரல்நகம் அளவு ஒடித்துத்தான் போடுவார். அதுவும் வேலை நாளில் மட்டும். லீவு நாளில் அவளே வாய் விட்டுக் கேட்டாலும் போட்டுத் தரமாட்டார். "இன்னைக்கு நீ கத்தப்போறது என்கிட்ட மட்டும்தானே. அதுக்கு எதுக்குடி மருந்து?" என்று சிரிப்பார். அவள் தலையணையை எடுத்து எறிவாள்.

"ஒரு மூடி," என்றாள். "பிளாஸ்க் மூடியில ஒரு மூடி. வேலைக்குப் போற நாள்ல மட்டும்."

அதற்கு மேல் முடியவில்லை. டாக்டர் அறை, வெளியே கூட்டம், நாக்கு நீட்டியவர் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறார், எதையும் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் கொடுத்தது ஒரு மூடி. இந்த மூன்று வருஷமாகக் குடம் குடமாகக் குடித்தது அவர் கொடுத்தது இல்லை. அது இவளே காய்ச்சிய வேறு ஏதோ.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தார். வெறும் தண்ணீர். குமட்டாமல் இறங்கியது.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த படத்தில் சின்ன மாற்றம் இருந்தது, பயப்படுகிற அளவுக்கு இல்லை என்றார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் நன்றாகவே குறைந்திருந்தது. டாக்டர் மூன்றாவது மாத்திரையைச் சீட்டில் அடித்துவிட்டார். நீர் மாத்திரையை இப்போதைக்கு அவரே நிறுத்தி, பொட்டாசியம் மருந்து எழுதினார். அழுத்தத்துக்கான இன்னொரு மாத்திரை வழக்கம் போல. "எதையும் நீங்களா நிறுத்தக் கூடாது, நீங்களா சேர்க்கவும் கூடாது. வேரோட வேலை உடம்பை விட்டுப் போகச் சில வாரம் ஆகும். அது வரைக்கும் நான் கூப்பிடற நாள்ல எல்லாம் வந்து ரத்தம் குடுக்கணும்," என்றார். பிறகு மகளின் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். "உங்க பொண்ணு நிறுத்துன்னு எழுதலை பாருங்க. சொல்லுன்னுதான் எழுதியிருக்காங்க. நிறுத்தறதா வேண்டாமான்னு சொல்றது என் வேலை. ஆனா நீங்க சொன்னாத்தானே நான் சொல்ல முடியும்?"

முதல் வாரம் நரகம். விடியற்காலையில் எழுந்து அடுப்படி வாசலில் நிற்பாள். வாசனை இல்லாத அடுப்படி. வெந்நீர் வைத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறப் போய், கால் நடுங்கி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அந்த உடைந்த பிளாஸ்கை இறக்கினாள். நீல மூடி மட்டும் முழுசாக இருந்தது. விளிம்பில் ஒரு கீறல். தேய்த்துக் கழுவி, அதில் வெந்நீரை ஊற்றிக் குடித்தாள். ஒரு மூடி என்பது எவ்வளவு கொஞ்சம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வாய்கூட வராது. அந்த இரண்டு வாய்க்காகவா கண்டக்டர் விசிலையும் மீறி அவ்வளவு நேரம் நின்றார்? பிளாஸ்க் ஒரு சாக்கு. இது இவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். மறந்துபோயிருந்தாள்.

வாரங்கள் போயின. கால் இழுப்பது நின்றது. கணுக்காலில் எலும்பு தெரிந்தது. நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தாள். டாக்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்து, இன்னொரு தடவை சுற்றிப் பார்த்து, இந்தத் தடவை சிரித்தார். ஒரே மாத்திரையில் அழுத்தம் சொன்ன இடத்தில் நின்றது.

அன்று சாயங்காலம், அந்தப் பொல்லாத விளக்குப் போடுகிற நேரத்தில், மகள் போன் செய்தாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னார்?"

"உங்க பொண்ணு கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னார்."

"அம்மா!"

"நல்லா இருக்குன்னார்டி. எல்லாம் நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் மகள் மூச்சை விட்டது கேட்டது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மா, தொண்டைத் தண்ணி இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கா? நான் அதை எழுதியிருக்கக் கூடாதோன்னு கூடத் தோணுச்சு. அப்பாவை உன்கிட்டேர்ந்து பிடுங்கிட்ட மாதிரி..."

மைக்கம்மா ஜன்னலில் கவிழ்த்து வைத்திருந்த நீல மூடியைப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

"பைத்தியம், அழாதே," என்றாள். "லீவு நாள்ல உங்கப்பா அதைப் போட்டுத் தரமாட்டார், தெரியுமா உனக்கு? 'இன்னைக்கு நீ கத்தப்போறது என்கிட்ட மட்டும்தானே, அதுக்கு எதுக்குடி மருந்து'ம்பார்."

"அப்பாவா சொல்வார் அப்படி?"

"அப்பாதான். இப்ப எனக்கு எல்லா நாளும் லீவு நாள்தானே. கத்தறதுக்கு அவரும் இல்லை." குரல் லேசாக உடைந்தது, முதல் வாரத்தில் மைக்கில் உடைந்ததே, அதே மாதிரி. அதை அவள் மறைக்கவில்லை. "நீதான் இருக்கே. நாளைக்குக் காலையில கூப்பிடு. உன்கிட்ட கத்தறேன்."